நிலைக்காலில் மண்கோடு, அலுமாரிக்குக் கீழே தூள்: கறையானை எங்கே தேடுவது

ஐப்பசியில் முதல் மழை விழுந்து ஒரு கிழமைக்குள் எனக்குத் தொலைபேசி அழைப்புகள் வரத் தொடங்கிவிடும். "தம்பி, நிலை பொங்கி நிக்குது", "அலுமாரிக்குள்ள தூள் கொட்டுது", "கதவு சாத்த முடியேல்ல". திருகோணமலையில் உப்புவெளி, பாலையூற்று, உவர்மலை என்று எங்கே போனாலும் கதை ஏறக்குறைய இதுதான். நான் ஓடாவி. மருந்து அடிப்பது என் வேலை இல்லை. ஆனால் மருந்துக்காரரைக் கூப்பிடுவதா, தச்சு வேலையோடு முடிப்பதா, சும்மா விடுவதா என்று முதலில் கேட்பது என்னிடம்தான்.

இதில் ஒரு முறை நானே நன்றாகக் கோட்டை விட்டேன். பாலையூற்றில் ஒரு மாமி வீட்டுக் குளியலறை நிலையில் இடது கால் உள்ளுக்குள் அரித்துப் போயிருந்தது. கெட்ட பகுதியை வெட்டி எடுத்து, புது மரம் பொருத்தி, பெயின்ட் அடித்துக் கொடுத்துவிட்டு வந்தேன். 14 மாதத்தில் அந்தப் புது மரமும் போய்விட்டது. மரத்தைப் பார்த்த அளவுக்கு மரத்துக்குக் கீழே நான் பார்க்கவில்லை. இந்தக் கதையைக் கீழே விரிவாகச் சொல்கிறேன்.

## தொடங்குமுன்: துடைக்க வேண்டாம், அடிக்க வேண்டாம்

கறையானைக் கண்டதும் கை தானாக மண்ணெண்ணெய்ப் போத்தலுக்கோ பூச்சி ஸ்பிரேக்கோ போகும். அதை நிறுத்துங்கள். ஸ்பிரே அடித்தால் கண்ணுக்குத் தெரிகிற ஐம்பது நூறு சாகும். மிச்சம் அந்த வழியை விட்டுவிட்டு வேறு வழியால் ஏறும். பிறகு பரிசோதிக்க வருகிறவருக்குத் தடம் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. மண்கோட்டை விளக்குமாற்றால் தட்டித் துடைத்தாலும் இதே நிலைதான். முதலில் கைபேசியில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தில் ஒரு நெருப்புக்குச்சியை வைத்து எடுத்தால் அளவும் தெரியும்.

தேவையானவை: ஒரு டோர்ச், தட்டை முனையுள்ள ஸ்க்ரூ டிரைவர், ஒரு தாள் கறுப்புக் கடதாசி. இவ்வளவு போதும்.

## அறிகுறி 1: சுவரிலோ நிலையிலோ மண்கோடு

பென்சில் தடிப்பில், சில நேரம் சுண்டுவிரல் தடிப்பில், தரையிலிருந்து மேலே ஏறும் மண் குழாய் இது. மண்ணுக்குள் குடியிருக்கும் கறையான் போட்டுக்கொண்ட மூடுபாதை. அதற்கு ஈரம் வேண்டும், காற்றுப் பட்டால் காய்ந்து செத்துப்போகும். அதனால்தான் கூரை போட்ட பாதை.

குளவிக் கூடா? குளவி கட்டும் மண் கூடு உருண்டையாக ஓர் இடத்தில் ஒட்டியிருக்கும். தரையிலிருந்து தொடர்ந்து ஏறி வராது. குளவி என்றால் சுரண்டி எறிந்துவிட்டு உங்கள் வேலையைப் பாருங்கள்.

பழைய கோடா, ஓடுகிற கோடா? கோட்டின் நடுவில் இரண்டு சென்ரிமீற்றர் அளவுக்கு மட்டும் உடையுங்கள். வெள்ளை வெள்ளையாக மெல்லிய உடம்போடு பூச்சி ஓடினால் விடை அப்போதே கிடைத்துவிட்டது. ஒன்றும் இல்லாவிட்டால் அப்படியே விட்டு மூன்று நான்கு நாள் கழித்துப் பாருங்கள். உடைத்த இடம் ஈர மண்ணால் அடைபட்டிருந்தால் அது ஓடுகிற பாதை. அடைபடாவிட்டால் "போய்விட்டது" என்று மகிழ வேண்டாம். அந்தப் பாதையைக் கைவிட்டிருக்கிறது, அவ்வளவுதான். அதே சுவரின் மறுபக்கத்தையும் பாருங்கள்.

கோடு எங்கே தொடங்குகிறது? இங்கேதான் செலவு கூடிக் குறையும். வெளியே போய், அந்த நிலைக்கு நேர் வெளிப்பக்கத்தைப் பாருங்கள். சுவரோடு மண் குவித்து அது வீட்டுத் தரை மட்டத்துக்கு மேலே வந்திருக்கிறதா? விறகு, பழைய கைமரம், தென்னோலை சாத்தி வைத்திருக்கிறதா? இது எளிய வகை. மண்ணை இறக்கி, விறகை நகர்த்தினால் பாதி வேலை முடிந்தது. அடுத்தது ஒழுகும் குழாய், ஏசித் தண்ணீர் சொட்டும் மூலை. மூன்றாவது, எதுவும் இல்லாமல் கோடு நேரே தரை வெடிப்பிலிருந்து, அல்லது டைல்ஸுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து கிளம்புவது. அப்படியென்றால் அது தரைக்குக் கீழால் வருகிறது. அங்கே உங்களுக்கோ எனக்கோ கை எட்டாது.

எப்போது ஆளைக் கூப்பிடுவது: ஓடுகிற கோடு ஒன்று வீட்டுக்குள் இருந்தாலே கூப்பிடலாம். காரணம் எளிய வகையாகத் தெரிந்தால் அதைச் சரிசெய்து இரண்டு கிழமை பார்த்துவிட்டுக் கூப்பிடுவதிலும் பிழையில்லை. கோடு கூரை வளையைத் தொட்டிருந்தால் காத்திருக்க வேண்டாம்.

## அறிகுறி 2: பெயின்ட் பொங்கியிருக்கிறது, தட்டினால் பொள்ளல் சத்தம்

மாமி வீட்டில் இருந்தது இதுதான். மண்கோடு ஒன்றுகூட வெளியே தெரியவில்லை. நிலைக்கால் பார்வைக்கு முழுசாக நின்றது. அடியிலிருந்து முழங்கால் உயரத்தில் மட்டும் பெயின்ட் சின்னச் சின்ன அலையாக உப்பியிருந்தது. "மழை ஈரம்தானே தம்பி" என்றார் மாமி. விரலால் அழுத்தினேன். கடதாசி கிழிவது போல உள்ளே போனது. பெயின்டும் ஒரு மெல்லிய மரத் தோலும் மட்டும் மிச்சம். உள்ளே மரம் இருக்க வேண்டிய இடத்தில் மண் பூசிய பள்ளங்கள், நடுவில் மரத்தின் கடின ரேகைகள் மட்டும் சீப்புப் பல் மாதிரி நின்றன.

பெயின்ட் பொங்கினால் எல்லாம் கறையான் இல்லை. வரிசையாகப் பாருங்கள்.

வெறும் ஈரம். பொங்கின இடத்தை ஸ்க்ரூ டிரைவர் முனையால் கொஞ்சம் சுரண்டுங்கள். கீழே மரம் நிறம் மாறாமல், முனை ஏறாமல் நின்றால் ஈரம்தான். மழை விட்ட பிறகு காயவிட்டு பெயின்ட் அடித்தால் சரி.

உக்கல். மரம் கறுத்து, பஞ்சு மாதிரி மெத்தென்று, அல்லது கட்டம் கட்டமாகப் பொடிந்து வரும். மணமும் ஒரு பழைய ஈர மணம். மண் இருக்காது. குளியலறை நிலைகளில் கறையானைவிட இதைத்தான் நான் அதிகம் காண்கிறேன். உக்கலும் கறையானும் ஒன்றாக இருப்பதும் சகஜம், இரண்டுக்கும் ஈரம் பிடிக்கும்.

கறையான். மரத்தின் மெல்லிய பகுதியை ரேகை போகும் திசையிலேயே தின்று, கடின ரேகையை விட்டுவைத்திருக்கும். பள்ளத்துக்குள் மண்ணும் அழுக்கும் அப்பியிருக்கும். இந்த மண்தான் அடையாளம்.

தட்டிப் பார்க்கும் முறை: ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் முதலில் நிலையின் மேல் பகுதியில் தட்டுங்கள். அங்கே வரும் இறுகிய சத்தம் காதில் நிற்கட்டும். பிறகு ஒரு சாண் ஒரு சாணாகக் கீழே இறங்குங்கள். சத்தம் மாறும் இடத்தில் பென்சிலால் கோடு போடுங்கள். ஓர் எச்சரிக்கை: நிலைக்கும் சுவருக்கும் நடுவில் சாந்து சரியாக அடையாமல் விட்டிருந்தாலும் பொள்ளல் சத்தம் வரும். அதனால் சத்தம் மாறிய இடத்தில் முனையை வைத்து அழுத்தியும் பார்க்க வேண்டும். முனை அரை அங்குலம் தடையில்லாமல் போனால் சந்தேகத்துக்கு இடமில்லை.

"எங்கட வீட்டு நிலை முதிரை, கறையான் தொடாது" என்று அடித்துச் சொல்கிறவர்கள் உண்டு. முதிரை, பாலை, தேக்கு எதுவானாலும் வயிரம் தாங்கும் என்பது உண்மை. ஆனால் மரக்காலையிலிருந்து வரும் பலகையின் ஓரத்தில் வெள்ளைப் பகுதி இருக்கும். அந்த ஓரத்தை உள்ளே சுவர்ப் பக்கமாகத் திருப்பித்தான் நிலை அடிப்பார்கள், நானும் அப்படித்தான் அடித்திருக்கிறேன். கறையான் வருவதும் அந்தப் பக்கத்தால்தான்.

## அறிகுறி 3: நிலைக்குக் கீழே அல்லது அலுமாரிக்குள் தூள்

தூளைக் கூட்டித் தள்ளாமல் கறுப்புக் கடதாசியில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். இதில் மூன்று ஆட்கள் இருக்கிறார்கள், மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

மரத்தூள் மட்டும். பிணைச்சல் பக்கமோ இழுப்பறை உராயும் இடத்திலோ நேர் கீழே விழுந்திருந்தால் உராய்வுத் தூள். மெழுகுதிரி தேய்த்தால் நிற்கும்.

மாவு. விரலுக்கு நடுவில் தேய்த்தால் முகப்பவுடர் மாதிரி வழுக்கும். மேலே தேடினால் குண்டூசித் தலை அளவில் வட்ட ஓட்டை தெரியும். இது உளு, ஒரு சின்ன வண்டின் புழு செய்யும் வேலை. கறையான் இல்லை. ரப்பர் மரம், மாமரம், மற்ற மரங்களின் வெள்ளைப் பகுதி என்றால் இதற்கு விருந்து. புதிதாக வாங்கிய மலிவு அலுமாரியில் முதல் ஓரிரு வருடத்தில் இது கிளம்பினால் மரம் கடைக்கு வரும்போதே முட்டையோடு வந்திருக்கலாம். அந்தப் பலகையை மட்டும் மாற்றினால் பெரும்பாலும் முடிந்துவிடும்.

மணி. விரலில் ரவை மாதிரி நறநறக்கும், நசுங்காது. கைபேசிக் கமராவைக் கிட்டக் கொண்டுபோய்ப் பெருப்பித்துப் பார்த்தால், ஒரு மில்லிமீற்றர் நீளத்தில், பக்கங்களில் பட்டை பிடித்த சின்ன நெல்மணி போலத் தெரியும். ஆறு பட்டை. இது உலர்மரக் கறையானின் எச்சம். இந்த வகைக்கு மண் வேண்டாம், மண்கோடு போடாது. அலுமாரிப் பலகைக்குள்ளேயே குடியிருந்து, சின்ன ஓட்டை ஒன்றைத் திறந்து குப்பையை வெளியே தள்ளும். "மண்ணே இல்லையே, மேல்மாடியில எப்படிக் கறையான்?" என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

மணி விழுவது பழசா புதுசா என்று அறிய, துடைத்துவிட்டு அதே இடத்தில் கறுப்புக் கடதாசியை விரித்து வையுங்கள். ஒரு கிழமையில் மீண்டும் விழுந்தால் உள்ளே ஆள் இருக்கலாம். "இருக்கலாம்" என்று சொல்வதற்குக் காரணம், கதவை அடித்துச் சாத்தினால் செத்துப்போன பழைய கூட்டிலிருந்தும் மணி உதிரும். அந்த ஒரு கிழமை அலுமாரியை ஆட்டாமல் விடுங்கள்.

ஒரு இழுப்பறை, ஒரு தட்டு என்றால் கழற்றி அப்புறப்படுத்துவதே மலிவு. வெயிலில் போட்டால் போய்விடும் என்பதை நான் நம்புவதில்லை. தடித்த மரத்தின் நடுவுக்கு அந்தச் சூடு போய்ச் சேராது. சுவரோடு பொருத்திய அலுமாரி, அல்லது இரண்டு மூன்று இடத்தில் ஓட்டை என்றால் மரத்துக்குள் மருந்து ஏற்றவோ புகையூட்டவோ தெரிந்தவர் வேண்டும். இதில் தரையைத் துளைத்து மண்ணுக்கு மருந்து விடுவதால் ஒரு பயனும் இல்லை. யாராவது மணியைப் பார்க்காமல் தரையைத் துளைக்கக் கேட்டால் கொஞ்சம் நிறுத்திக் கேள்வி கேளுங்கள்.

## அறிகுறி 4: கதவு இறுகுகிறது, அல்லது தொங்குகிறது

மாரி காலத்தில் மரம் தண்ணீர் குடித்து ஊதும். மேலே கீழே ஒரே மாதிரி இறுகினால் தை மாசி வரை பொறுங்கள், இப்போதே சீவித் தள்ளினால் கோடையில் கதவு ஆடும். கதவு ஒரு பக்கம் தொங்கினால் பிணைச்சல் ஆணியை இறுக்கிப் பாருங்கள். சுற்றச் சுற்ற ஆணி பிடிக்காமல் சுழன்றால் அதைக் கழற்றி, நூல் இடுக்கில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். மரச் சிராய் என்றால் ஓட்டை தேய்ந்திருக்கிறது, மண் என்றால் அறிகுறி 2க்குத் திரும்புங்கள்.

## அறிகுறி 5: ஈசல் இறகு

மழை விட்ட மாலையில் விளக்கைச் சுற்றி ஈசல் வருவதும் காலையில் யன்னலடியில் இறகு கிடப்பதும் இங்கே எல்லா வீட்டிலும் நடப்பது. யன்னல் திறந்திருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. பூட்டிக் கிடந்த அறையிலோ அலுமாரிக்குள்ளேயோ இறகு குவிந்திருந்தால்தான் கணக்கு. அப்போதும் எறும்பா என்று பாருங்கள்: ஈசலின் நான்கு இறகும் ஒரே நீளம், எறும்புக்கு முன் இறகு நீளம், பின் இறகு கட்டை.

## அலுமாரிக்கு மட்டும்

பொருத்து அலுமாரியில் முன் கதவைப் பார்ப்பது வீண். முதுகுப் பலகையையும் அடிப்பலகையையும் பாருங்கள், அவை மெல்லிய பிளைவுட், சுவர் ஈரத்தோடு ஒட்டி நிற்பவை. கீழ் இழுப்பறையை முழுதாகக் கழற்றி, டோர்ச்சைத் தரையோடு படுக்க வைத்து அடியுங்கள். சாய்ந்த வெளிச்சத்தில் மண்கோடு நிழலோடு எழுந்து தெரியும், நேரே அடித்தால் தெரியாது. பழைய புத்தகம், துணி, கடதாசிப் பெட்டி அடுக்கியிருந்தால் அடியில் உள்ளதைத் தூக்குங்கள். தட்டோடு ஒட்டிக்கொண்டு வந்தால் தேட வேண்டிய இடம் கிடைத்துவிட்டது. குசினியில் தண்ணீர்த் தொட்டிக்குக் கீழ் அலுமாரி என்றால் குழாய் சுவருக்குள் நுழையும் ஓட்டையை முதலில் பாருங்கள்.

## பரிசோதனைக்கு ஆள் வந்தால் என்ன நடக்க வேண்டும்

மாமி வீட்டில் இரண்டாம் தடவை நான் மருந்துக்காரர் ஒருவரை அழைத்துக்கொண்டு போனேன். அவர் நிலையைப் பார்க்கவே இல்லை. நேரே வெளியே போய் வீட்டைச் சுற்றி வந்தார். நல்ல ஆளை நான் இப்போது இதை வைத்துத்தான் அடையாளம் காண்கிறேன்.

குளியலறைச் சுவருக்கு வெளியே சீமெந்துத் தளத்தில் ஒரு வெடிப்பு. அதன் பக்கத்தில் கிணற்றடிக்குப் போகும் பைப்பின் மூட்டு, சொட்டுச் சொட்டாக. மாமிக்கு அது தெரியும், "அது கன நாளா அப்படித்தான்" என்றார். மருந்துக்காரர் ஊசி இரண்டு உள்ள ஈரமானியை எடுத்து நிலைக்காலில் வரிசையாகக் குத்தினார். மேலே 14 விழுக்காடு, நடுவில் 17, அடியில் 28. வீட்டுக்குள் இருக்கும் மரம் 20ஐத் தாண்டினால் தண்ணீர் எங்கிருந்தோ வருகிறது என்று அர்த்தம். மானி கறையானைக் காட்டாது, கறையானுக்குப் பிடித்த இடத்தைக் காட்டும். வலது கால் மூன்று இடத்திலும் 15ஐ ஒட்டியே நின்றது. ஆகவே வரவு இடது மூலையால்தான்.

பிறகு நிலைக்கு அடியில் ஒரு டைல்ஸைக் கழற்றினோம். வாசற்படிக்குக் கீழே, வீடு கட்டும்போது கொங்கிறீட் போட அடித்த பலகைத் துண்டு ஒன்று அப்படியே விடப்பட்டிருந்தது. கையில் எடுக்க வரவில்லை, பலகை வடிவத்தில் மண் மட்டும்தான் இருந்தது. முதலில் அதைத் தின்று, பிறகு நிலையின் முதுகால் ஏறியிருக்கிறது. நான் வைத்த புது மரம் அதற்கு மூன்றாவது சாப்பாடு.

அவர் செய்தது இது. பைப் மூட்டை மாற்றும்வரை மருந்து விட மறுத்தார், ஈர மண்ணில் ஓடும் தண்ணீர் மருந்தைக் கழுவிக்கொண்டு போகும் என்றார். பிறகு சுவரடியோடு ஒரு அடிக்கு ஒன்றாகத் துளை போட்டு, மருந்தை மண்ணுக்குள் ஏற்றி, துளைகளைச் சீமெந்தால் அடைத்தார். கிணற்றுப் பக்கத்தில் மட்டும் துளை போடவில்லை. நம் ஊரில் மணல் தரை, கிணறும் வீட்டோடுதான் இருக்கும். கிணறு எங்கே என்று கேட்காமல் மண்ணுக்கு மருந்து விட வருகிறவரைத் திருப்பி அனுப்பலாம்.

அவரிடம் நீங்கள் கேட்க வேண்டியவை கொஞ்சம்தான். மண் கறையானா, உலர்மரமா? எந்த இடத்தால் நுழைகிறது, காட்ட முடியுமா? என்ன மருந்து, அதன் லேபலைப் பார்க்கலாமா? திரும்ப எப்போது வந்து பார்ப்பீர்கள்? பரிசோதனைக்கு முன் நிலைகளுக்கு ஓரமாக உள்ள தளபாடத்தை ஒரு முழம் நகர்த்தி, கீழ் அலுமாரிகளைக் காலி செய்து வையுங்கள். சாதாரண வீடு ஒன்றை ஒழுங்காகப் பார்க்க ஒரு மணித்தியாலத்துக்குக் குறையாமல் போகும். பத்து நிமிடத்தில் விலை சொல்கிறவர் சுவரைப் பார்த்திருக்க மாட்டார்.

மரவேலையைக் கடைசியாகத்தான் வைத்தோம். மருந்து விட்டு ஆறு கிழமை கழித்து, உடைத்துவைத்த இடங்கள் எதுவும் அடைபடாமல் இருந்ததையும் மானி அடியில் 16க்கு இறங்கியதையும் பார்த்த பிறகுதான் நிலைக்காலை வெட்டினேன். இந்த முறை வெள்ளை ஓரம் முழுவதையும் சீவி எடுத்தேன். காலின் அடியை டைல்ஸில் முட்டவிடாமல் ஒரு விரல் தடிப்பில் சீமெந்துக் கட்டை வைத்து நிறுத்தினேன். கட்டைக்கும் காலுக்கும் நடுவில் உள்ள கோட்டை பெயின்டால் மூடாமல் விடச் சொன்னார் மருந்துக்காரர். மண்கோடு வந்தால் அங்கே கண்ணுக்குத் தெரியுமாம். மாமி மாதம் ஒரு தடவை டோர்ச் அடித்து அந்தக் கோட்டைப் பார்க்கிறார்.